ஐந்து பேர், இரண்டு பி.என்.ஆர்., ஒரு விமானம்

கேள்வி: அடுத்த மாதம் கோவையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் போகிறோம். நான், என் கணவர், 13 வயது மகள் ஒரு டிக்கெட்டில். 70 வயதான என் மாமியாரும் 8 வயது மகனும் இன்னொரு டிக்கெட்டில். ஐந்து பேருக்கும் சேர்த்துப் போட்டால் விலை கூடுதலாகக் காட்டியதால் இப்படிப் பிரித்துப் போட்டோம். சீட்டுக்கென்று தனியாகப் பணம் கட்டவில்லை. போன தடவை இதே போலப் போனபோது செக்-இன் செய்ததும் ஐந்து பேரையும் ஐந்து மூலையில் போட்டுவிட்டார்கள். மகன் வழி முழுக்க அழுதான். இந்தத் தடவை ஐந்து சீட்டுக்கும் பணம் கட்டித்தான் தீர வேண்டுமா? வேண்டுமென்றேதான் குடும்பங்களைப் பிரிக்கிறார்களா? — ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஐந்து இருக்கைகளுக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் பார்த்தால் ஓர் இருக்கைக்கு மட்டும் கட்டினால் போதும் என்றே தோன்றுகிறது. எந்த இருக்கைக்கு, எந்த நேரத்தில் கட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், செக்-இன் நேரத்தில் இருக்கை எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது தெரிந்தால்தான் நான் சொல்லும் வரிசையில் ஏன் செய்ய வேண்டும் என்பது புரியும்.

பல ஆண்டுகள் விமான நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்த்துவிட்டு இப்போது பயண முகவராக இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் காலியாக இருக்கிற இருக்கைகள் எல்லாம் கட்டணமின்றித் தரப்படும் இருக்கைகள் அல்ல. முன்வரிசைகள், கால் நீட்ட இடமுள்ள அவசர வழி வரிசைகள், ஜன்னலோரம், நடைவழியோரம் என்று விலை போகக்கூடியவற்றைக் கணினி விற்பனைக்கென்று தனியே நிறுத்தி வைத்திருக்கும். மீதமிருப்பவைதான், பணம் கட்டாதவர்களுக்குத் தானாக ஒதுக்கப்படும் இருக்கைகள். அவற்றில் பெரும்பகுதி நடு இருக்கைகள். நீங்கள் செக்-இன் செய்யும்போது ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கக் கணினி முயலத்தான் செய்கிறது. ஆனால் அந்த மிச்சத்துக்குள்தான் அதனால் தேட முடியும். கல்யாணப் பந்தியில் பாதிப் பேர் அங்கொன்றும் இங்கொன்றுமாக உட்கார்ந்த பிறகு போகிற குடும்பத்துக்கு இலைக்கு இலை தள்ளித்தான் இடம் கிடைக்கும் என்பதைப் போன்ற நிலைதான் இது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே சில இலைகளை விலைக்கென்று ஆள் உட்காராமலே மடக்கி வைத்திருக்கிறார்கள்.

வேண்டுமென்றே பிரிக்கிறார்களா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 2017-இல் பி.பி.சி.யின் நுகர்வோர் நிகழ்ச்சி ஒன்று, அயர்லாந்தின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ரயன்ஏரின் நான்கு விமானங்களில், ஒவ்வொன்றிலும் நான்கு பேர் கொண்ட குழுவை இருக்கைக்குப் பணம் கட்டாமல் அனுப்பிப் பார்த்தது. அத்தனை பேருக்கும் நடு இருக்கையே விழுந்தது. உண்மையிலேயே குலுக்கிப் போட்டிருந்தால் இப்படி நடக்க ஏறத்தாழ 54 கோடியில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் கணக்கிட்டார். நிறுவனமோ, பிரிப்பதற்கென்று தன்னிடம் எந்தக் கொள்கையும் இல்லை, ஜன்னலோரமும் நடைவழியோரமும் பணம் கட்டுகிறவர்களுக்காக நிறுத்தி வைக்கப்படுவதால் மற்றவர்களுக்கு நடு இருக்கை விழுவது இயல்பே என்று பதில் சொன்னது. என் அனுபவத்தில், அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறதோ இல்லையோ, தகவல் இருக்கிறது. கணினி உங்கள் குடும்பத்தைப் பார்த்துப் பிரிப்பதில்லை. சேர்ந்து உட்காரத் தேவையான இருக்கைகளை நிறுத்தி வைத்துவிட்டு மிச்சத்தைப் பகிர்கிறது. நடு இருக்கைகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் இடத்தில் இரண்டு பேரைக்கூடப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது, ஏனென்றால் ஒரு நடு இருக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு நடு இருக்கை இருப்பதே இல்லை. பயணிக்கு விளைவு ஒன்றுதான் என்பது உண்மை. ஆனாலும் காரணம் தெரிந்தால் எங்கே கை வைப்பது என்பது தெரியும்.

இந்தியாவில் இது பெரிய சர்ச்சையானது 2018 நவம்பரில். வலைவழிச் செக்-இன்னில் எல்லா இருக்கைகளுக்கும் கட்டணம் உண்டு, கட்டணமின்றி வேண்டுமானால் விமான நிலையத்தில் இருப்பதைப் பெற்றுக்கொள்ளலாம் என்று இண்டிகோ சொன்னபோது, விமானப் போக்குவரத்து அமைச்சகம் அதை ஆராய்வதாக அறிவித்தது. அதன் பிறகு உங்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, 2022 ஜூலையில், விமான நிலையக் கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் தருவதற்குத் தனிக்கட்டணம் வாங்கக் கூடாது என்று அமைச்சகம் விமான நிறுவனங்களுக்குச் சொன்னது. ஆகவே வலைவழியில் செக்-இன் செய்யாமல் நேராகக் கவுன்ட்டருக்குப் போகிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் அதற்கு அபராதம் கிடையாது. இன்னொன்று, உங்களுக்கு மிகவும் முக்கியமானது: 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வெளியிட்ட உத்தரவு. 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களில் ஒருவருடனாவது இருக்கை ஒதுக்கப்படுவதை விமான நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும், அதற்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது.

இந்த உத்தரவை வாசிக்கும்போது மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். '12 வயது வரை' என்பதால் உங்கள் மகன் அதற்குள் வருகிறான், மகள் வரமாட்டாள். கனடாவில் இதே போன்ற விதி வயதுக்கு ஏற்பப் படிப்படியாக இருக்கிறது: ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை பெற்றோருக்குப் பக்கத்திலேயே, 5 முதல் 11 வரை அதே வரிசையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி இல்லாமல், 12, 13 வயதினர் ஒரு வரிசைக்கு மேல் தள்ளிப் போகாமல். நம்முடைய உத்தரவில் அந்தப் படிகள் இல்லை. இரண்டாவது, 'ஒருவருடனாவது' என்றால் ஒருவருடன் மட்டும்தான். குடும்பத்தை முழுக்கச் சேர்த்து உட்கார வைக்கும் கடமையை இந்த உத்தரவு சுமத்தவில்லை. மூன்றாவது, 'அதே பி.என்.ஆரில்' என்பது. உங்கள் விஷயத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

உங்கள் மகன் இருக்கும் பி.என்.ஆரில் இருப்பவர் உங்கள் மாமியார். கணினியைப் பொறுத்தவரை நீங்களும் உங்கள் மகனும் அந்நியர்கள். குடும்பப்பெயர் ஒன்றாக இருப்பதோ, ஒரே அட்டையில் பணம் கட்டியதோ, ஒரே நிமிடத்தில் டிக்கெட் போட்டதோ அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. ஆறு எழுத்து, எண் கொண்ட அந்த ஒரு குறியீடுதான் அதற்குக் குடும்பம். விதிப்படி மகனைப் பாட்டியின் அருகில் வைத்துவிட்டால் நிறுவனம் தன் கடமையைச் செய்துவிட்டது. இரண்டு பி.என்.ஆர்.களை ஒன்றாக்கித் தரச் சொல்லி அழைப்பு மையத்தில் கேட்பவர்கள் உண்டு. ஒரு பி.என்.ஆரை இரண்டாகப் பிரிக்க வழி இருக்கிறது, ஒருவர் மட்டும் தேதி மாற்றினால் அப்படித்தான் பிரிப்பார்கள். ஆனால் தனித்தனியாக வாங்கிய இரண்டை ஒன்றாக ஒட்டித் தருவது வழக்கமில்லை. வேண்டுமானால் இரண்டிலும் 'இவர்கள் சேர்ந்து பயணம் செய்பவர்கள்' என்று ஒரு குறிப்புப் போடச் சொல்லுங்கள். இருக்கையைத் தானாக ஒதுக்கும் நிரல் அந்தக் குறிப்பை நம்பி வேலை செய்யாது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அதைப் படிப்பார். அந்த அளவுக்கு அது உதவும்.

பிரித்துப் போட்டது தவறென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு விலையிலும் இத்தனை இருக்கை என்று அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். மலிவான அடுக்கில் மூன்றே இருக்கை மிஞ்சியிருக்கும்போது ஐந்து கேட்டால், மூன்றை மலிவிலும் இரண்டைக் கூடுதலிலும் காட்டாமல் ஐந்தையுமே கூடுதல் விலையில் காட்டும். ஆகவே பிரித்துப் போட்டதில் நீங்கள் மிச்சம் பிடித்த பணம் உண்மையானதுதான். அடுத்த தடவை பிரிக்கும்போது, குழந்தையை அது யாருடன் உட்கார வேண்டுமோ அவருடைய பி.என்.ஆரில் வையுங்கள், அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னொன்றை இன்றைக்கே சரிபாருங்கள். உள்நாட்டு விமானங்களில் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்பதால், பலர் செயலியில் அவசரமாக 'பெரியவர் 2' என்று அழுத்திவிட்டுக் குழந்தையின் பெயரை அதில் எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்திருந்தால் அந்தப் பி.என்.ஆரில் குழந்தை இருப்பதே கணினிக்குத் தெரியாது. இரண்டு பெரியவர்களைப் பிரிப்பதைப் போல மிகச் சாதாரணமாக 8 வயதுப் பையனைப் பிரித்துவிடும். கவுன்ட்டரில் நான் பார்த்த 'குழந்தை தனியாகப் போய்விட்டது' புகார்களில் இது அடிக்கடி வரும் காரணம். பயணச்சீட்டின் மின்னஞ்சலைத் திறந்து உங்கள் மகன் பெயருக்கு நேரே குழந்தை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழைப்பு மையத்தில் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். அவர்கள் முடியாது என்றால், பிறந்த தேதி தெரியும் ஆவணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போவதே வழி.

இனி இருக்கைக் கணக்குக்கு வருவோம். உள்நாட்டில் ஓடும் ஏர்பஸ், போயிங் விமானங்களில் பெரும்பாலானவற்றில் நடைவழிக்கு அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று இருக்கைகள். A ஜன்னல், B நடு, C நடைவழி. எதிர்ப்பக்கம் D நடைவழி, E நடு, F ஜன்னல். ஐந்து பேர் ஒரு பக்கத்தில் உட்காரவே முடியாது என்பதால், 'ஐவரும் சேர்ந்து' என்று கேட்பதே நடக்காத ஒன்றைக் கேட்பது. உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பாருங்கள். மகனுக்குப் பக்கத்தில் நீங்கள் வேண்டும், மாமியாருக்கு அருகில் யாராவது வேண்டும், மகளுக்கு அருகில் அப்பா இருந்தால் நல்லது. ஆக மூன்று பேர் ஒரு தொகுதி, இரண்டு பேர் இன்னொரு தொகுதி. இரண்டு தொகுதியும் பத்து வரிசை தள்ளி இருந்தால்கூட மூன்று மணி நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது. தேவையை இப்படிச் சுருக்கிக்கொண்டவுடன் கணினியால் அதைத் தர முடிகிற வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது.

அடுத்தது, இந்த அமைப்பில் அடுத்தடுத்த இரண்டு இருக்கைகளை எங்கே எடுத்தாலும் அதில் ஒன்று நடு இருக்கையாகத்தான் இருக்கும். நடு இருக்கைதான் விலை போகாதது. ஆகவே ஓரத்து இருக்கைக்கு மட்டும் பணம் கட்டிப் பக்கத்து நடு இருக்கையைக் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ எடுக்க முடிகிற இடத்தைத் தேட வேண்டும். பின்வரிசைகளில் ஓரத்து இருக்கைக்கே சில நூறு ரூபாய்தான் இருக்கும். முன்வரிசைகளுக்கு அதைப் போலப் பல மடங்கு கேட்பார்கள், அங்கே போகவே வேண்டாம். அவசர வழி வரிசையையும் மறந்துவிடுங்கள். அங்கே குழந்தைகளை உட்கார வைக்க அனுமதி இல்லை, அவசரத்தில் கதவைத் திறந்து உதவ முடியாத முதியவர்களுக்கும் அதைத் தரமாட்டார்கள்.

உங்கள் பயணத்தில் இதை எப்படிச் செய்வது என்று பார்க்கலாம். வலைவழிச் செக்-இன் உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன் திறக்கும். உங்கள் நிறுவனத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது பயணச்சீட்டிலேயே இருக்கும். திறந்தவுடன் இரண்டு கைப்பேசிகளில் இரண்டு பி.என்.ஆரையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதில் எதையும் உறுதிசெய்ய வேண்டாம். இருக்கை வரைபடம் தெரியும் பக்கம்வரை போய் நிறுத்துங்கள். மாமியார், மகன் பி.என்.ஆரில் மட்டும் முதலில் செக்-இன்னை முடியுங்கள், இருக்கைக்குப் பணம் கட்டாமல். வரைபடத்தில் விலை போட்ட இருக்கைகளை அழுத்தச் சொல்லித் திரை திரும்பத் திரும்பக் கேட்கும். தேர்வு செய்யாமல் தொடரும் வழி சிறிய எழுத்தில் கீழேயோ மூலையிலோ இருக்கும், அதை அழுத்துங்கள். முன்கூட்டித் தேர்வு செய்யாதவர்களுக்குத் தானாக இருக்கை ஒதுக்கும் ஏற்பாடு இருக்கிறது என்று நான் மேலே சொன்ன டி.ஜி.சி.ஏ. உத்தரவே குறிப்பிடுகிறது. இந்தப் பி.என்.ஆரில் குழந்தை இருப்பதால் இருவரையும் சேர்த்து வைக்கும் கடமை நிறுவனத்துடையது. அந்தச் செலவை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

அவர்களுக்கு 27A, 27B விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே இன்னொரு கைப்பேசியில் உங்கள் வரைபடத்தைப் புதுப்பித்து 27C இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் பணம் கட்டி உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கும் மகளுக்கும் எதையும் தேர்வு செய்யாமல் தொடருங்கள், ஒரே பி.என்.ஆர். என்பதால் பெரும்பாலும் அருகருகே விழும், விழாவிட்டாலும் 13 வயதுப் பெண் தனி வரிசையில் உட்காருவது, 8 வயதுப் பையன் தனியாக இருப்பதைப் போன்றதல்ல. விமானத்தில் ஏறியதும் மாமியாரை ஜன்னலோரமும் மகனை நடுவிலும் உட்கார வைத்துவிட்டால் மகனுக்கு இரு பக்கமும் ஆள் இருக்கும். 27C போய்விட்டிருந்தால் 27D-ஐப் பாருங்கள். நடைவழிக்கு அந்தப் பக்கம் என்பது பலர் நினைப்பதைவிட நெருக்கமானது, கை நீட்டினால் எட்டும். அதுவும் இல்லையென்றால் 26-ஆம் வரிசையிலோ 28-ஆம் வரிசையிலோ நடைவழியோரத்தைக் குறிவையுங்கள். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

கணினி மகனை 14B-யிலும் மாமியாரை 29E-யிலும் போட்டுவிட்டால்? பதறிப்போய்ப் பணம் கட்டி மாற்றிவிடாதீர்கள். பணம் கட்டிவிட்டால் அது உங்கள் விருப்பத் தேர்வாகிவிடும், பிறகு திரும்பக் கேட்பது கடினம். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அழைப்பு மையத்திலோ அரட்டை வசதியிலோ, '8 வயதுக் குழந்தை, அதே பி.என்.ஆரில் பாட்டி, பிரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறது, 2024 டி.ஜி.சி.ஏ. உத்தரவுப்படி மாற்றித் தர வேண்டும்' என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீரும், இல்லையென்றால் கவுன்ட்டரில் தீரும்.

திறந்தவுடன் செய்யாமல் கடைசிவரை காத்திருந்தால் நல்ல இருக்கைகள் கட்டணமின்றிக் கிடைக்கும் என்று ஒரு யோசனை உலவுகிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. விற்காமல் நின்ற இருக்கைகளைப் புறப்பாட்டை ஒட்டி விடுவிப்பார்கள்; தனியாகப் போகிறவர் துணிந்து காத்திருக்கலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. நிறைந்த விமானத்தில் கடைசியில் மிஞ்சுபவை உதிரி நடு இருக்கைகள்தான். மேலும், இருக்கைகளைவிடச் சற்றுக் கூடுதலாக டிக்கெட் விற்றிருந்தால், இடமில்லாமல் போவது கடைசியாகச் செக்-இன் செய்பவர்களுக்குத்தான்.

விமான நிலையத்தில் புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு கவுன்ட்டரில் இருங்கள். பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன் கவுன்ட்டர் மூடப்படும், கடைசி அரை மணி நேரத்தில் அந்த ஊழியருக்கு உங்கள் வரைபடத்தைப் பார்க்க நேரம் இருக்காது. தானியங்கி இயந்திரம் கணினி ஒதுக்கியதை அப்படியே அச்சிட்டுத் தரும் என்பதால் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து ஒரே கவுன்ட்டரில் நின்று, பெட்டிகளைத் தராசில் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பி.என்.ஆரையும் ஒன்றாக நீட்டி, 'மகனும் நானும் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும், மற்றவர்கள் எங்கிருந்தாலும் சரி' என்று சொல்லுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கவுன்ட்டரில் தனி மதிப்பு உண்டு. ஐவரையும் சேர்த்துக் கேட்பவருக்கு முடியாது என்ற பதில் உடனே வந்துவிடும்; இருவரை மட்டும் கேட்பவருக்காக ஊழியர் இரண்டு பேரை இடம் மாற்றிப் பார்ப்பார். விற்பனைக்கு நிறுத்தி வைத்த இருக்கைகளை அவரே விடுவிக்க முடியாமல் இருக்கலாம். அப்போது ட்யூட்டி மேனேஜரைக் கேளுங்கள், குரலை உயர்த்தாமல். மாமியாருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் அதை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், சில நிறுவனங்களில் அப்படிக் கேட்டவர்களுக்கு வலைவழிச் செக்-இன் திறக்காது, கவுன்ட்டரில்தான் செய்ய வேண்டும். அப்படியானால் மேலே சொன்ன வரிசை முழுவதையும் கவுன்ட்டரிலேயே செய்யலாம்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் கலைவதற்கு ஒரு காரணம் மிச்சமிருக்கிறது: விமானம் மாறுவது. ஏ321 என்று திட்டமிட்டிருந்த பயணத்துக்கு ஏ320 வந்து நின்றால், சுமார் 40 வரிசை வரை இருந்தது 30 அல்லது 31 வரிசையாகச் சுருங்கும். மலிவென்று 35-ஆம் வரிசையில் எடுத்தவர்களுக்கு அந்த வரிசையே இருக்காது. அவர்களை எல்லாம் கணினி மிச்சமிருக்கும் இடங்களில் மறுபடி தூவும், அதில் நீங்கள் கட்டிய பணத்தையும் அது நினைவில் வைத்துக்கொள்ளாது. அதனால்தான் பின்வரிசையில் எடுக்கும்போது 30-க்கு உள்ளேயே எடுக்கச் சொல்வேன். பயணத்துக்கு முந்தைய நாள் இரவு ஒரு முறையும், விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது ஒரு முறையும் உங்கள் போர்டிங் பாஸைத் திறந்து இருக்கை எண் அதேதானா என்று பாருங்கள். மாறியிருந்து, நீங்கள் பணம் கட்டிய இருக்கைக்குப் பதிலாக வேறொன்று கிடைத்திருந்தால், அந்தக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பழைய போர்டிங் பாஸின் படம் இருந்தால் வாக்குவாதம் நீளாது.

கவுன்ட்டரில் தீராதது வாசலில் தீரலாம். வராத பயணிகளின் இருக்கைகள் எவை என்பது போர்டிங் நடக்கும் வாசலில் நிற்கும் ஊழியருக்குத்தான் தெரியும். அறிவிப்பு வருவதற்கு முன்பே போய் இருக்கை எண்களைக் காட்டிச் சொல்லி வையுங்கள். விமானத்துக்குள் பணிப்பெண்கள் இருக்கை ஒதுக்குபவர்கள் அல்லர். உதவுவார்கள், ஆனால் இன்னொரு பயணியை எழுந்திருக்கச் சொல்லும் அதிகாரத்தை அவர்கள் எளிதில் பயன்படுத்தமாட்டார்கள். ஏடிஆர் போன்ற சிறிய விமானமாக இருந்தால் எடைச் சமநிலைக்காகப் பயணிகளை இடம் மாற விடாமலும் தடுப்பார்கள்.

சக பயணியிடம் நீங்களே கேட்பதாக இருந்தால், 26-இலோ 28-இலோ நடைவழியோரத்தை எடுக்கச் சொன்னதன் காரணம் அங்கே விளங்கும். நடு இருக்கையை நீட்டி ஒருவருடைய ஜன்னலோரத்தையோ நடைவழியோரத்தையோ கேட்டால் அவர் மறுப்பதில் தவறே இல்லை; அவர் அதற்குப் பணம் கட்டியிருக்கக்கூடும். உங்கள் கையில் ஒரு நடைவழியோரம் இருந்தால் அதைக் கொடுத்து, மகனுக்குப் பக்கத்தில் இருக்கும் நடு இருக்கைக்காரரையோ அதே போன்ற ஓர இருக்கைக்காரரையோ கேட்கலாம், அவரும் மகிழ்ச்சியாக எழுந்துகொள்வார். உங்கள் பணத்தில் வாங்கிய அந்த ஓர் இருக்கை, மகனுக்குப் பக்கத்திலேயே அமையாவிட்டாலும் இந்த மாற்றுக்குப் பயன்படும். ஐந்து நடு இருக்கைகளோடு ஏறுகிறவரிடம் மாற்றிக்கொள்ள யாருக்கும் விருப்பம் இருக்காது.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே வரிசைதான், ஆனால் அதற்கு வேறொரு செக்-இன், வேறொரு நேரம், இருக்கைக் கட்டணமும் தனி. போகும்போது எடுத்த இருக்கை வரும்போதும் தொடரும் என்று நினைத்துக்கொண்டு டெல்லியில் சுற்றிப் பார்ப்பதில் மறந்துவிடுகிறவர்களைத்தான் திரும்பும் விமானத்தில் சிதறி உட்கார்ந்திருக்கக் காண்கிறேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, செக்-இன் திறக்கும் நேரத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடிக்கும் நேரத்தில் நீங்கள் ஆக்ராவில் இருந்தாலும் இணைய இணைப்பு இருக்கும் இடத்தில் இரண்டு கைப்பேசிகளும் கையில் இருக்கட்டும்; மாமியாரும் மகனும் உள்ள பி.என்.ஆரைத்தான் அப்போதும் முதலில் திறக்க வேண்டும்.